9-க்கு 6 எடுத்தும் ரேட்டிங் 13 குறைந்தது ஏன்? போட்டி முடிந்தபின் ஃபிடே ரேட்டிங் மாறும் கணக்கு

கிருஷ்ணகிரியில் நாலு நாள் கிளாசிக்கல் சதுரங்கப் போட்டி ஆடிவிட்டு வந்த நம் தர்மபுரி கிளப் நண்பர் ஒருவர், அடுத்த மாதப் பட்டியல் வந்த அன்று சாயங்காலமே போனைக் காட்டிக் கேட்க ஆரம்பித்தார். அன்று கடை சாத்தும் நேரம்வரை பேசினோம். அப்புறமும் வாரக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் கேட்டதையெல்லாம் அவர் வார்த்தையிலேயே வைத்து, நான் சொன்ன பதில்களைக் கொஞ்சம் சீர்செய்து எழுதியிருக்கிறேன்.

அண்ணா, 9 சுற்றில் 6 புள்ளி எடுத்தேன். மூணு ஆட்டம்தான் சரியில்லாமப் போச்சு. எப்படி ரேட்டிங் குறையும்?

மொத்தம் எத்தனை புள்ளி என்று உலகச் சதுரங்க அமைப்பான ஃபிடே பார்ப்பதே இல்லை. யாரோடு ஆடி எடுத்தீர்கள், அவர்களோடு ஆடினால் உங்களிடம் எத்தனை எதிர்பார்க்கலாம், அதைவிடக் கூடுதலா குறைவா, இவ்வளவுதான் கணக்கு. நம் பக்கத்தில் மாந்தோப்பு குத்தகை எடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பூ வைத்திருக்கும்போதே இந்தத் தோப்பில் 12 டன் தேறும் என்று மதிப்புப் போட்டுப் பணத்தைக் கொடுத்துவிடுவார்கள். கடைசியில் 10 டன் காய்த்தால் ஊரெல்லாம் நல்ல விளைச்சல் என்று சொல்லும், குத்தகைக்காரருக்கு மட்டும் நஷ்டம். உங்களுக்கு நடந்ததும் அதுவேதான்.

கணக்கு ஒரே ஒரு வரி:

```
மாற்றம் = K × (எடுத்த புள்ளி − எதிர்பார்த்த புள்ளி)
```

K என்பது ஒவ்வொருவருக்கும் ஃபிடே வைத்திருக்கும் ஒரு எண். உங்களுக்கு அது 20. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்த எதிர்பார்ப்பை யார் முடிவு பண்றாங்க?

யாரும் உட்கார்ந்து முடிவு செய்வதில்லை, ரேட்டிங் வித்தியாசம்தான் முடிவு செய்கிறது. ஆர்பட் ஈலோ என்று ஒரு இயற்பியல் பேராசிரியர், ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர், இந்த முறையை உருவாக்கினார். 1970-இல் ஃபிடே இதை ஏற்றுக்கொண்டது. ஈலோ ரேட்டிங் என்று நாம் சொல்வது அவருடைய பெயரைத்தான். ஏதோ மூன்று எழுத்தின் சுருக்கம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டு பேருக்கும் ரேட்டிங் சமமாக இருந்தால் ஒரு ஆட்டத்துக்கு ஆளுக்கு 0.50 எதிர்பார்ப்பு. உங்களைவிட 50 புள்ளி குறைந்தவரோடு ஆடினால் உங்களிடம் 0.57, 100 குறைந்தவரோடு 0.64, 200 குறைந்தவரோடு 0.76 என்று ஃபிடே விதிகளிலேயே ஒரு அட்டவணை இருக்கிறது. 0.76 என்றால், அப்படிப்பட்டவரோடு நூறு ஆட்டம் ஆடினால் ஜெயித்ததும் ட்ரா செய்ததும் சேர்த்து 76 புள்ளி எடுக்க வேண்டிய ஆள் நீங்கள் என்று பொருள். மீதி 0.24 எதிரிக்கு. எந்த ஆட்டத்திலும் இரண்டு பேருடைய எதிர்பார்ப்பையும் கூட்டினால் 1 வரும்.

என் போட்டியையே வெச்சு ஒவ்வொரு சுற்றா சொல்லுங்க.

சரி. போட்டி தொடங்கும்போது உங்கள் ரேட்டிங் 1652.

முதல் சுற்றில் ரேட்டிங் இல்லாத ஒரு பையனை ஜெயித்தீர்கள். இது கணக்கிலேயே வராது. எதிரிக்கு ரேட்டிங் இல்லையென்றால் வித்தியாசம் பார்க்க எண் கிடையாது, அதனால் உங்களுக்கு ஏறவும் செய்யாது இறங்கவும் செய்யாது. இரண்டாம் சுற்றில் 1874 ஆளிடம் தோல்வி. வித்தியாசம் 222, உங்கள் எதிர்பார்ப்பு 0.22. எடுத்தது 0. ஆக −0.22, அதை 20-ஆல் பெருக்கினால் −4.4. நீங்கள் அன்றைக்கு ரொம்ப வருத்தப்பட்ட தோல்வி இது, ஆனால் செலவு நாலரைகூட இல்லை.

மூன்றாம் சுற்றில் 1438 ரேட்டிங்காரரை ஜெயித்தீர்கள். எதிர்பார்ப்பு 0.77, எடுத்தது 1, கூடுதல் 0.23. லாபம் 4.6. நான்காம் சுற்றில் 1705-உடன் ட்ரா, உங்களிடம் எதிர்பார்த்தது 0.43, எடுத்தது 0.5, ஆக 1.4 லாபம். இதுவரை பார்த்தால் 1.6 ஏற்றத்தில் இருந்தீர்கள்.

ஐந்தாம் சுற்றில்தான் திரும்பியது. 1460 பையனுடன் ட்ரா. வித்தியாசம் 192, எதிர்பார்ப்பு 0.75, எடுத்தது 0.5. அரைப்புள்ளி வந்ததே என்று நீங்கள் எழுந்து வந்தீர்கள், ரேட்டிங்கில் 5 போய்விட்டது. ஆறாம் சுற்றில் 1421 ரேட்டிங் உள்ள பள்ளிக்கூடப் பெண்ணிடம் தோல்வி. எதிர்பார்ப்பு 0.79, எடுத்தது 0. இந்த ஒரு ஆட்டத்திலேயே −15.8.

ஏழாம் சுற்றில் மறுபடி ரேட்டிங் இல்லாதவர், ஜெயித்தும் பயனில்லை. எட்டாம் சுற்றில் எதிரி வரவே இல்லை, வாக்கோவரில் 1 புள்ளி. அது போட்டியின் புள்ளிப் பட்டியலுக்கு மட்டும்தான். கடைசிச் சுற்றில் 1512-ஐ ஜெயித்தீர்கள், எதிர்பார்ப்பு 0.69, லாபம் 6.2.

இப்போது கூட்டிப் பாருங்கள். நீங்கள் சொல்லும் 6 புள்ளியில் 3 புள்ளி கணக்கில் வராத மூன்று சுற்றில் வந்தது. கணக்கில் வந்த ஆறு ஆட்டத்தில் எடுத்தது 3. அந்த ஆறு பேரோடு உங்களிடம் எதிர்பார்த்தது 3.65. குறைவு 0.65, பெருக்கல் 20, சரியாக 13. அதனால்தான் 1652 போய் 1639 வந்தது.

அந்தப் பொண்ணுகிட்ட தோக்காம இருந்திருந்தா?

ட்ரா என்றால் மொத்த இறக்கம் 3 மட்டும். ஜெயித்திருந்தால் 7 ஏறியிருக்கும்.

இதில் ஒரு விஷயம் கவனியுங்கள், எனக்கே இது புரிய ரொம்ப நாள் ஆனது. தோற்றால் −13, ஜெயித்தால் +7, இடைவெளி 20. அதாவது உங்கள் K. எதிரி யாராக இருந்தாலும், 1421 ஆனாலும் 1874 ஆனாலும், ஜெயிப்பதற்கும் தோற்பதற்கும் இடையில் இருக்கும் தூரம் எப்போதும் K அளவுதான். எதிரியின் ரேட்டிங் செய்வதெல்லாம் அந்த 20-ஐ லாபப் பக்கம் எவ்வளவு, நஷ்டப் பக்கம் எவ்வளவு என்று பிரித்து வைப்பதுதான். சின்ன ரேட்டிங்காரரோடு ஆடுவது ஆபத்து, பெரிய ரேட்டிங்காரரோடு ஆடினால் தோற்றாலும் லாபம் என்று கிளப்பில் ஒரு பேச்சு இருக்கிறதே, அது பாதிதான் சரி. தோற்றால் யாரிடம் தோற்றாலும் குறையத்தான் செய்யும், லாபம் வராது.

அவளுக்கு எவ்வளவு ஏறுச்சு? நான் இழந்த 15.8 தானே?

இல்லை, 31.6. அவளுக்கு K 40.

K யாருக்கு எவ்வளவு என்பது இப்படி. புதிதாக ரேட்டிங் பட்டியலுக்கு வந்தவர்களுக்கு 30 ஆட்டம் முடியும்வரை 40. பதினெட்டு வயது நிறையும் ஆண்டின் கடைசிவரை, ரேட்டிங் 2300-க்குக் கீழே இருந்தால், பிள்ளைகளுக்கும் 40. உங்களையும் என்னையும் போன்றவர்களுக்கு 2400 தொடும்வரை 20. ஒருமுறை 2400 தொட்டுவிட்டால் அதற்கப்புறம் 10, கீழே இறங்கினாலும் அதே 10.

பிள்ளைகள் சீக்கிரம் வளர்கிறார்கள், ரேட்டிங்கும் அதே வேகத்தில் பின்னால் ஓடிவர வேண்டும் என்பதற்காகத்தான் 40. அப்படியும் எட்டிப் பிடிப்பதில்லை, அதுதான் நம் பகுதியில் ஆடும் பெரியவர்களுக்கு உண்மையான சிக்கல். நாள்தோறும் இரண்டு மூன்று மணி நேரம் பயிற்சி எடுக்கும் குழந்தையின் பலம் இன்றைக்கு 1600 ஆக இருக்கும், பட்டியலில் 1421 என்று நிற்கும். கணக்கு 1421-ஐத்தான் பார்க்கும். உங்களிடம் 0.79 எதிர்பார்த்ததே அதிகம், போர்டில் உட்கார்ந்தபோது உண்மையில் அது 0.57 பக்கம்தான் இருந்திருக்கும். இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ரேட்டிங் என்பது நேற்றுவரை ஆடியதின் பதிவு, அவ்வளவுதான். ஆனால் சேலம், ஓசூர், கிருஷ்ணகிரி என்று எங்கே போனாலும் பாதி அரங்கம் பள்ளிப் பிள்ளைகளாக இருக்கும்போது, இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு போனால், 1421 என்று பார்த்ததும் அலட்சியமாக வேகமாகக் காய் நகர்த்தும் பழக்கம் நிற்கும்.

ஆறாவது சுற்றோட விலகியிருந்தா குறையாதுதானே?

ஆடிய ஆட்டம் ஆடியதுதான். இரண்டு பேரும் குறைந்தது ஒரு நகர்த்தல் செய்துவிட்டால் அது ரேட்டிங்குக்குப் போய்விடும், நீங்கள் போட்டியை முடித்தீர்களா விலகினீர்களா என்று கேட்காது. ஆறாம் சுற்றோடு விலகியிருந்தால் உங்களுக்கு −19.2 ஆகியிருக்கும். கடைசிச் சுற்றில் ஜெயித்த 6.2-தான் அதை 13-ஆக ஆக்கியது.

ஒரு சுற்றில் எதிரி அமையாமல் பை கிடைத்தாலும் வாக்கோவர் மாதிரியேதான், புள்ளி உண்டு, ரேட்டிங் கிடையாது.

அதே மாசம் ஓசூர்லயும் ஒரு போட்டி ஆடினேனே, அதுக்கு 1639 எடுத்தாங்களா 1652 எடுத்தாங்களா?

1652. ஃபிடே பட்டியல் மாதத்துக்கு ஒன்று, ஒவ்வொரு மாதமும் முதல் தேதி வெளியாகிறது. அடுத்த பட்டியல் வரும்வரை உங்கள் ரேட்டிங் அசையாது. ஒரே மாதத்தில் இரண்டு போட்டி ஆடினால் இரண்டுக்கும் ஒரே ரேட்டிங்கை அடிப்படையாக வைத்துத் தனித்தனியாகக் கணக்கிட்டு, கூட்டிப் போடுவார்கள். எதிரிகளுக்கும் இப்படியே. முதல் போட்டியில் ஒரு பையன் 150 ஏற்றிவிட்டான் என்று ஊரே பேசினாலும், இரண்டாம் போட்டியில் அவனிடம் நீங்கள் தோற்றால் பழைய ரேட்டிங்கை வைத்துத்தான் உங்களுக்குக் குறையும்.

பிள்ளைகளின் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று உண்டு. ஒரு மாதத்துக் கணக்கில் வரும் ஆட்டங்களின் எண்ணிக்கையை K-ஆல் பெருக்கினால் 700-ஐத் தாண்டக்கூடாது. K 40 உள்ள பிள்ளை ஒன்பது சுற்றுப் போட்டி இரண்டு ஆடி, பதினெட்டு ஆட்டமும் ரேட்டிங் உள்ளவர்களோடு அமைந்தால், 18 × 40 = 720. அப்போது அந்த மாதத்துக்கு மட்டும் K 38 ஆகக் குறையும். தன் பிள்ளைக்கு ரேட்டிங்கைக் குறைத்துப் போட்டுவிட்டார்கள் என்று ஆர்பிட்டரிடம் சண்டைக்குப் போகும் சில பேருக்கு உண்மையில் நடந்தது இதுதான்.

ரெண்டாவது சுற்றுல 1874, அப்புறம் 1438. ஏன் ஒருத்தர்கூட என் அளவுக்கு வரமாட்டேங்கறாங்க?

ஸ்விஸ் முறையில் முதல் சுற்றுக்கு எல்லோரையும் ரேட்டிங் வரிசைப்படி நிறுத்தி, பட்டியலை நடுவில் இரண்டாக வெட்டி, மேல் பாதியின் முதல் ஆளை கீழ்ப் பாதியின் முதல் ஆளோடு உட்கார வைப்பார்கள். அப்புறம் ஒரே புள்ளியில் இருப்பவர்களுக்குள் அதேபோல. நீங்கள் பட்டியலின் நடுவில் இருப்பவர். ஜெயித்தால் அந்தக் கூட்டத்தில் கீழ் ஆளாகி மேலே ஒருவரிடம் மாட்டுவீர்கள், தோற்றால் அந்தக் கூட்டத்தில் மேல் ஆளாகிக் கீழே ஒருவர் வருவார். சுற்று ஏற ஏறத்தான் சமமானவர்கள் வருவார்கள். அதனால் முதல் மூன்று நான்கு சுற்று முடிந்ததும் ரேட்டிங் கணக்கைப் போட்டுப் பார்த்துப் பதறவும் வேண்டாம், குதிக்கவும் வேண்டாம்.

ரொம்பப் பெரிய ஆளோட ஆடினா ஒண்ணுமே குறையாதா?

கொஞ்சம் குறையும். 400-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதை 400 என்றே வைத்துக்கொள்வார்கள். நீங்கள் 1639, எதிரி 2250 என்றாலும் உங்களிடம் 0.08 எதிர்பார்ப்பு உண்டு. தோற்றால் 1.6 போகும். ஜெயித்தால் 18.4.

ஞாயித்துக்கிழமை ஒருநாள் போட்டியில ஜெயிச்சதெல்லாம் இதுல சேருமா?

சேராது. ஃபிடேயில் கிளாசிக்கல், ரேபிட், பிளிட்ஸ் என்று மூன்று தனித்தனி ரேட்டிங். ஒரே நாளில் முடியும் போட்டி பெரும்பாலும் ரேபிட்தான், அதுவும் ஃபிடேயில் பதிவு செய்யப்பட்டிருந்தால் மட்டும் உங்கள் ரேபிட் ரேட்டிங் மாறும், கிளாசிக்கல் 1639 அப்படியே இருக்கும். போனில் ஆடும் தளங்களின் எண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உதாரணமாக லிசெஸ் தளத்தில் எல்லோரும் 1500-இல் தொடங்குகிறார்கள், கணக்கு முறையும் வேறு, ஆடுகிற கூட்டமும் வேறு.

2024-ல எல்லாருக்கும் திடீர்னு ஏறுச்சே, அது என்ன?

2024 மார்ச் 1 பட்டியலில் கிளாசிக்கலில் 2000-க்குக் கீழே இருந்த எல்லோருக்கும் ஒரே ஒருமுறை ஃபிடே ஏற்றிக் கொடுத்தது. 2000-க்கும் உங்கள் ரேட்டிங்குக்கும் உள்ள இடைவெளியில் பத்தில் நாலு பங்கு. பிப்ரவரியில் 1210 இருந்த நம் கிளப் பெரியவர் ஒருவருக்கு இடைவெளி 790, அதில் நாலு பங்கு 316, மார்ச்சில் 1526. அவர் ஒரு ஆட்டமும் ஆடவில்லை. கீழ்த்தட்டில் ரேட்டிங்கெல்லாம் வருடக்கணக்காகச் சுருங்கிப் போயிருந்தது, பலம் கூடிக்கொண்டே போகும் பிள்ளைகள் எல்லோரிடமிருந்தும் புள்ளியை எடுத்துக்கொண்டே இருந்தார்கள், அதைச் சரிசெய்யத்தான் இந்த ஏற்றம்.

அதோடு அடித்தளமும் 1000-இலிருந்து 1400-க்குப் போனது. இப்போது 1400-க்குக் கீழே இறங்கினால் அடுத்த பட்டியலில் ரேட்டிங் இல்லாதவர் என்று காட்டும். அதனால் பழைய 1500-ஐயும் இப்போதைய 1500-ஐயும் ஒப்பிடாதீர்கள், இரண்டும் ஒன்றல்ல.

கணக்கு சரியா போட்டாங்களான்னு நான் எப்படிப் பார்க்கறது?

போட்டி நடக்கும்போதே chess-results.com-இல் உங்கள் பெயரை அழுத்தினால் `Rtg+/-` என்று ஒரு எண் வரும், அது தற்காலிகம். முடிவானது ratings.fide.com-இல் உங்கள் பக்கத்தில் `Calculations` என்ற இடத்தில் இருக்கும். அங்கே ஒவ்வொரு எதிரியும் வரிவரியாக, `K` எவ்வளவு, ஆட்டத்துக்கு மாற்றம் எவ்வளவு என்று இருக்கும். முதலில் வரிகளை எண்ணுங்கள். உங்களுக்கு ஆறு வரி இருக்க வேண்டும், இருந்தது. ஐந்து இருந்தால் ஏதோ ஒரு ஆட்டம் விட்டுப்போயிருக்கிறது. அடுத்து முடிவுகளைப் பாருங்கள், கடைசியில்தான் கூட்டல்.

தவறு நடப்பது கூட்டலில் அல்ல, பதிவில். சில வருடம் முன்னால் ஒரு போட்டியில் நான் ஜெயித்த ஆட்டத்தை ட்ரா என்று பதிந்துவிட்டார்கள். அடுத்த சுற்றுக்குப் பேரிங் ஒட்டியபோது என் புள்ளி அரை குறைவாக இருந்தது, நானோ கூட்டத்தில் போர்டு நம்பரை மட்டும் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு சுற்று கழித்துத்தான் கண்ணில் பட்டது. என்னிடம் எதிரி கையெழுத்துப் போட்ட ஸ்கோர்ஷீட் இருந்ததால் ஆர்பிட்டர் உடனே ஏற்றுக்கொண்டு ரேட்டிங்குக்குப் போகும் முடிவைத் திருத்தினார், ஆனால் நடுவில் நான் தவறான ஆட்களோடு ஆடியதை யாராலும் திருத்த முடியவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு சுற்று முடிந்ததும் என் புள்ளியைப் பார்த்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போவேன், ஸ்கோர்ஷீட்டைப் பட்டியல் வரும்வரை பத்திரமாக வைத்திருப்பேன்.

போட்டியே அந்த மாதப் பட்டியலில் வரவில்லையென்றால் பதற வேண்டாம். ஆர்பிட்டர் அறிக்கை கூட்டமைப்பு வழியாக ஃபிடேக்குப் போக வேண்டும், மாதக் கடைசியில் முடிந்த போட்டி பல நேரம் அடுத்த பட்டியலுக்குத் தள்ளிப்போகும்.

சரிண்ணா, போன 13-ஐ எப்படித் திரும்ப எடுக்கறது?

1639-இலிருந்து ஆடுகிறீர்கள். 1750 ரேட்டிங்காரர் ஒருவர் வந்தால் வித்தியாசம் 111, உங்களிடம் எதிர்பார்ப்பு 0.35. அவரை ஜெயித்தால் கூடுதல் 0.65, பெருக்கல் 20, சரியாக 13. மற்ற ஆட்டங்களில் எதிர்பார்த்த அளவுக்கு எடுத்தால் போதும், அந்த ஒரு ஆட்டத்திலேயே 1652-க்கு வந்துவிடுவீர்கள்.